துபாய் கம்பெனிக்கு என்ன விலை போடுவது? திருப்பூர் ஏற்றுமதியாளர்களின் டிரான்ஸ்ஃபர் பிரைசிங் கேள்விகள்

"பையன் துபாய்ல கம்பெனி போட்டிருக்கான். திருப்பூர்ல தெச்சு அவனுக்கு டீ-சர்ட் அனுப்பறோம். எங்க சரக்கு, எங்க பையன். என்ன விலை போட்டா என்னங்க?"

இன்வாய்சில் என்ன விலை வேண்டுமானாலும் போடலாம். ஆனால் வருமான வரி கணக்குப் பார்க்கும்போது அந்த விலையை அப்படியே ஏற்க மாட்டார்கள். துபாய் கம்பெனி முன்பின் தெரியாத ஒருவருடையதாக இருந்திருந்தால், இதே சரக்கை இதே நிபந்தனையில் என்ன விலைக்குக் கொடுத்திருப்பீர்கள் என்று கேட்பார்கள். அந்த விலைக்குத்தான் ஆர்ம்ஸ் லெங்த் விலை என்று பெயர். சம்பந்தப்பட்ட கம்பெனிகளுக்குள் போடும் விலையை இப்படிச் சோதிக்கும் விதிகளைத்தான் டிரான்ஸ்ஃபர் பிரைசிங் என்கிறார்கள். நீங்கள் போட்ட விலை அதைவிடக் குறைவாக இருந்தால், குறைந்த தொகையை உங்கள் வருமானத்தில் கூட்டி வரி போடுவார்கள். அந்தப் பணம் உங்கள் கைக்கு வராவிட்டாலும் வரி உண்டு.

காரணம் எளிது. சலுகை விகிதத்தைத் தேர்ந்தெடுத்த ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு இங்கே வரி சுமார் 25.17 சதவீதம். கூட்டு நிறுவனம் என்றால் அடிப்படையே 30 சதவீதம். துபாயில் 2023 ஜூன் வரை சாதாரண வியாபாரக் கம்பெனிக்கு லாப வரியே கிடையாது. இப்போதும் ஆண்டு லாபத்தில் 3,75,000 திர்ஹாமுக்கு மேல் உள்ள பகுதிக்கு 9 சதவீதம்தான். பீஸுக்கு அரை டாலர் குறைத்து பில் போட்டால், இங்கே வரி கட்ட வேண்டிய லாபம் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. இதைத் தடுக்கத்தான் 2001 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 92-ஆம் பிரிவை மாற்றி, 92ஏ முதல் 92எஃப் வரை புதிதாகச் சேர்த்தது.

ஒரு குறிப்பு: 2026 ஏப்ரல் 1 முதல் வருமானத்துக்கு 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்தும். அதில் பிரிவு எண்கள் வேறு. இந்தப் பக்கத்தில் உள்ள எண்களும் தொகைகளும் 1961 சட்டத்தின்படி, 2025-26 நிதியாண்டுக் கணக்கு வரைக்கும் உள்ளவை.

"ரெண்டும் தனித்தனி கம்பெனிங்க. அவன் கம்பெனில எனக்கு ஒரு ஷேர் கூட இல்ல. அப்பறம் எப்படி சம்பந்தப்பட்ட கம்பெனி ஆகும்?"

ஷேர் ஒரு வழி மட்டும்தான். ஒரு கம்பெனி இன்னொன்றில் 26 சதவீதம் அல்லது அதற்கு மேல் வாக்குரிமை வைத்திருந்தால் இரண்டும் சம்பந்தப்பட்ட நிறுவனங்கள். ஆனால் 92ஏ பிரிவில் குடும்பத்துக்கென்றே தனியாக ஓர் உட்பிரிவு இருக்கிறது. ஒரு நிறுவனம் ஒருவர் கட்டுப்பாட்டிலும், மற்றொன்று அவருடைய உறவினர் கட்டுப்பாட்டிலும் இருந்தால் போதும். திருப்பூர் கம்பெனி அப்பா கையில், துபாய் கம்பெனி மகன் கையில் என்றால் விஷயம் முடிந்தது.

உறவினர் யார் என்பதற்கு 2(41) பிரிவில் ஒரு சின்னப் பட்டியல் உண்டு: கணவன், மனைவி, உடன்பிறந்தவர்கள், நேர்வழியில் மேலும் கீழும் உள்ள பெற்றோர், பிள்ளை, பேரப்பிள்ளைகள். நம் பக்கத்தில் மாப்பிள்ளையோடும் மச்சானோடும் சேர்ந்துதான் பாதி வியாபாரம் நடக்கிறது. அவர்கள் இந்தப் பட்டியலில் இல்லை. அதைப் பார்த்துவிட்டு "மாப்பிள்ளை பேரில் போட்டாச்சு, பிரச்சினை இல்லை" என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. மகளும் அந்தக் கம்பெனியில் பங்குதாரராக இருந்து கட்டுப்பாடு அவர் கையில் இருந்தால், மகள் பட்டியலில் இருக்கிறார். உங்கள் சரக்கை வாங்கும் கம்பெனியே விலையையும் நிபந்தனையையும் தீர்மானிக்கும் நிலை இருந்தால், அதற்கும் தனி உட்பிரிவு உண்டு. திருப்பூர் நிறுவனம் கூட்டு நிறுவனமாக இருந்து, துபாய் கம்பெனிக்கு அதில் 10 சதவீதப் பங்கு இருந்தாலும் போதும். ஆகவே ஷேர் பட்டியலை மட்டும் பார்க்காமல், யார் சொன்னால் எது நடக்கிறது என்பதையும் பாருங்கள்.

"சரி, எந்த விலை போட்டா ஒத்துக்குவாங்க? மத்த பையருக்குக் குடுக்கற அதே விலையா?"

அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். சம்பந்தமில்லாத பையருக்கும் அதே மாதிரி சரக்கு விற்றிருந்தால் அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. சட்டத்தில் சொல்லும் ஆறு முறைகளில் முதலாவது இதுதான்: நேர் விலை ஒப்பீடு. ஆனால் இரண்டு இன்வாய்ஸை அருகருகே வைத்து வித்தியாசத்தைக் கழிப்பதோடு அது முடிவதில்லை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

ஆண்கள் ரவுண்ட் நெக் டீ-சர்ட், 30ஸ் கோம்ப்டு நூல், 160 ஜிஎஸ்எம். ஒரு ஜெர்மன் பையருக்கு 20,000 பீஸ், தூத்துக்குடி எஃப்ஓபி 3.20 டாலர், 60 நாள் கடன். துபாய் கம்பெனிக்கு அதே ஸ்டைல் 1,00,000 பீஸ், அதே எஃப்ஓபி, விலை 2.70 டாலர், 120 நாள் கடன். பார்த்தவுடன் அரை டாலர் குறைவு.

இப்போது நிபந்தனைகளைச் சமன் செய்ய வேண்டும். ஜெர்மன் ஆர்டரில் ஹேங்கர், பார்கோடு டேக், பீஸுக்குத் தனி பாலிபேக் எல்லாம் உண்டு. துபாய்க்கு மொத்தமாக அட்டைப்பெட்டியில் போகிறது. காஸ்டிங் ஷீட்டில் அந்த வித்தியாசம் 0.12 டாலர். கழித்தால் 3.08. அடுத்தது எண்ணிக்கை. நீங்கள் மற்ற பையர்களுக்கு அனுப்பிய விலைப்பட்டியலில் ஒரு லட்சம் பீஸுக்கு 4 சதவீதம் தள்ளுபடி என்று இருக்கிறது. அதையும் கழித்தால் 2.96. மூன்றாவது கடன் காலம். துபாய்க்கு 60 நாள் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். டாலர் கடனுக்கு ஆண்டு 7 சதவீதம் என்று வைத்தால் பீஸுக்கு 0.03 டாலர் செலவு. அந்நியராக இருந்தால் அதை விலையில் ஏற்றியிருப்பீர்கள். கூட்டினால் 2.99.

இதேபோல வேறு இரண்டு பையர்களின் ஆர்டர்களைச் சமன் செய்ததில் 2.93-ம் 3.05-ம் வந்தன என்று வையுங்கள். மூன்றின் சராசரி 2.99. துபாய் விலை 2.70. குறைவு 0.29 டாலர். ஒரு லட்சம் பீஸுக்கு 29,000 டாலர். 85 ரூபாய் வீதம் 24,65,000 ரூபாய். அரை டாலர் வித்தியாசம் 29 சென்ட்டாகக் குறைந்ததற்குக் காரணம் பேக்கிங் செலவும் விலைப்பட்டியலும் எழுத்தில் இருந்ததுதான். அந்த 4 சதவீதத் தள்ளுபடி வாய்ப்பேச்சாக மட்டும் இருந்திருந்தால், அதிகாரி அதை ஏற்றுக்கொள்ளக் காரணமே இல்லை.

ஜிஎஸ்எம், நூல் ரகம், பிரிண்ட், வாஷ் மாறினால் அது வேறு சரக்கு. அங்கே இந்த ஒப்பீட்டை இழுத்துப் பிடிக்காதீர்கள். 180 ஜிஎஸ்எம் போலோவை 160 ஜிஎஸ்எம் ரவுண்ட் நெக்கோடு ஒப்பிட்ட அறிக்கை முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

"அந்த ஜெர்மன்காரங்க கடை வெச்சிருக்கறவங்க. பையன் மொத்தமா வாங்கி விக்கறவன். ரெண்டு பேருக்கும் ஒரே விலைன்னா அவனுக்கு என்ன மிஞ்சும்?"

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்பேன். இதற்குப் பதில் துபாயில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது.

பல குடும்பங்களில் துபாய் கம்பெனி என்பது ஒரு லைசென்ஸ், ஒரு வங்கிக் கணக்கு, ஒரு மின்னஞ்சல் முகவரி. பையரைப் பிடிப்பது, சாம்பிள் அனுப்புவது, விலை பேசுவது எல்லாம் திருப்பூரில் இருக்கும் மெர்ச்சண்டைசர். சரக்கு தூத்துக்குடியிலிருந்து நேராக ஹாம்பர்க் போகிறது. துபாயில் பில் மட்டும் மாறுகிறது. இப்படி இருந்தால் அந்தக் கம்பெனி செய்யும் வேலைக்கு ஒரு அந்நியர் எவ்வளவு கேட்பாரோ அவ்வளவுதான் அங்கே நிற்கலாம், அது மிகச் சிறிய தொகை. மீதி லாபம் திருப்பூருக்கு வர வேண்டும். விலையை எப்படிப் பேசி எழுதினாலும் இந்த அடிப்படை மாறாது.

வேறு விதமான துபாய் கம்பெனியும் உண்டு. பையன் அங்கேயே இருக்கிறார், இரண்டு விற்பனை ஆட்கள், ஜெபல் அலியில் கிடங்கு. சரக்கை வாங்கி வைத்து, சீசன் போனால் நஷ்டத்துக்குத் தள்ளுகிறார். பையர் பணம் கொடுக்காவிட்டால் இழப்பு அவருடையது. இப்போது அவர் உண்மையான வியாபாரி, அவருக்கு வியாபாரி லாபம் கிடைக்கத்தான் வேண்டும். கடைக்காரருக்குப் போட்ட விலையை அவருக்கும் போட்டு ஒப்பிடுவது பொருந்தாது.

இங்கே மறுவிற்பனை விலை முறை உதவும். அதே டீ-சர்ட்டை அவர் ஐரோப்பியக் கடைகளுக்கு 3.40 டாலருக்கு விற்கிறார். இதே வேலை செய்யும், சம்பந்தமில்லாத ஐந்து ஆடை மொத்த வியாபாரக் கம்பெனிகளின் மொத்த லாபச் சராசரி விற்பனையில் 14 சதவீதம் என்று கண்டுபிடித்தால், 3.40-இல் 0.48 போக 2.92. அவர் கட்டும் கப்பல் கட்டணம் முதலிய கொள்முதல் செலவு பீஸுக்கு 0.12 போக 2.80. நீங்கள் போட்டது 2.70. ஆக வித்தியாசம் 29 சென்ட்டிலிருந்து 10 சென்ட்டாக இறங்கிவிட்டது. சரக்கும் மாறவில்லை, இன்வாய்ஸும் மாறவில்லை. துபாயில் வேலையும் ரிஸ்க்கும் இருக்கிறது என்று காட்ட முடிந்ததுதான் வித்தியாசம்.

இதற்கு ஒரு விலை உண்டு. துபாய் கம்பெனியின் முழுக் கணக்கையும், ஆட்களின் சம்பளச் சீட்டையும், கிடங்கு வாடகை ஒப்பந்தத்தையும் அதிகாரி முன் வைக்க வேண்டும். "அந்தக் கணக்கைக் காட்ட முடியாது" என்பவர்களால் இந்த முறையைப் பயன்படுத்த முடியாது.

"3 பர்சன்ட் வரைக்கும் விட்டுடுவாங்கன்னு சொல்றாங்களே?"

விடுவார்கள், ஆனால் முழுசாக உள்ளே இருந்தால் மட்டும். ஒப்பீடுகள் ஆறுக்குக் குறைவாக இருக்கும்போது சராசரி எடுப்பார்கள். அதற்கும் உங்கள் விலைக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் விலையில் 3 சதவீதத்துக்குள் இருந்தால் உங்கள் விலையே சரி என்று எடுத்துக்கொள்வார்கள். 2.70-க்கு 3 சதவீதம் 8 சென்ட். 2.80 கணக்கில் வித்தியாசம் 10 சென்ட், கொஞ்சம் தாண்டிவிட்டது. தாண்டினால் முழு 10 சென்ட்டும் கூட்டப்படும், 2 சென்ட் மட்டுமல்ல. விலையை 2.75 என்று வைத்திருந்தால் ஒரு பைசாகூடக் கூட்டியிருக்க மாட்டார்கள்.

"ஒப்பிட வேற பையரே இல்லீங்க. எங்க பூரா சரக்கும் பையன் கம்பெனிக்குத்தான் போகுது."

அப்போது பீஸ் விலையை விட்டுவிட்டு முழு வருட லாபத்தைப் பார்ப்பார்கள். திருப்பூர்க் கம்பெனியின் செயல்பாட்டு லாபம் செயல்பாட்டுச் செலவில் எத்தனை சதவீதம் என்று கண்டு, இதே வேலை செய்யும் சுதந்திரமான கம்பெனிகளோடு ஒப்பிடுவது. நடைமுறையில் இந்த முறைதான் அதிகம், ஏனென்றால் கணக்குகள் புரோவெஸ், கேபிடாலைன் போன்ற தரவுத்தளங்களில் கிடைக்கின்றன.

ஏழு கம்பெனிகள் கிடைத்தன என்று வைப்போம். ஒவ்வொன்றுக்கும் நடப்பு ஆண்டும் முந்தைய இரண்டு ஆண்டும் சேர்த்த சராசரி. சிறியதிலிருந்து வரிசைப்படுத்தினால் 3.1, 4.0, 4.8, 5.5, 6.2, 7.4, 9.0. ஆறு அல்லது அதற்கு மேல் இருப்பதால் 35-ஆவது முதல் 65-ஆவது சதமானம் வரை உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். ஏழில் 35 சதவீதம் 2.45, ஆகவே மூன்றாவது எண்: 4.8. 65 சதவீதம் 4.55, ஆகவே ஐந்தாவது: 6.2. உங்கள் லாபம் 4.8-க்கும் 6.2-க்கும் நடுவில் இருந்தால் கேள்வி இல்லை. 4.1 என்றால் வெளியே. வெளியே போனால் 4.8 வரை ஏற்றி நிறுத்த மாட்டார்கள், நடுவில் உள்ள 5.5-க்கே கொண்டுபோவார்கள். 20 கோடி செலவுள்ள கம்பெனிக்கு அது 28 லட்ச ரூபாய் கூடுதல் வருமானம்.

நம் ஊருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பங்குச் சந்தையில் உள்ள பின்னலாடைக் கம்பெனிகள் பலவற்றில் நூல் மில்லும் சேர்ந்திருக்கும், காற்றாலையும் இருக்கும். நீங்களோ நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் எல்லாம் வெளியே ஜாப் ஒர்க் கொடுத்து, கட்டிங்கும் தையலும் மட்டும் வைத்திருப்பவர். நூலிலிருந்து ஆடை வரை ஒரே கூரையில் செய்பவரின் லாப விகிதம் உங்களோடு ஒப்பிடவே முடியாதது. அப்படிப்பட்ட கம்பெனிகளை ஏன் நீக்கினோம் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி வையுங்கள். உங்கள் பக்கமும் உடுமலையில் உள்ள காற்றாலையின் மின்சார விற்பனை வருமானத்தை ஆடைக் கணக்கோடு கலக்காதீர்கள். கலந்தால் லாபம் கூடத் தெரியும், ஆனால் அதிகாரி பிரித்துப் பார்க்கும்போது ஆடையில் மட்டும் 2 சதவீதம் என்று வெளிப்படும். ஏற்றுமதியோடு நேராக வரும் டிராபேக்கும் ரோஎஸ்சிடிஎல் சலுகையும் ஆடைக் கணக்கில்தான் வர வேண்டும்.

"நூல் விலை ஏறி அந்த வருஷம் நஷ்டம் ஆயிடுச்சு. நஷ்டத்துக்கும் வரி போடுவாங்களா?"

நஷ்டம் வந்ததற்காகப் போட மாட்டார்கள். அந்த நஷ்டம் ஏன் திருப்பூர்ப் பக்கம் மட்டும் நின்றது என்பதற்காகப் போடலாம். 2022 மே மாதத்தில் ஒரு கண்டி பருத்தி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அன்று வெளிப் பையர்களிடம் நீங்கள் விலை கூட்டிக் கேட்டிருப்பீர்கள். சிலர் கொஞ்சம் ஏற்றினார்கள், சிலர் மறுத்தார்கள். துபாய் கம்பெனியிடமும் அதேபோலக் கேட்ட கடிதம் இருக்கிறதா? அந்தக் கடிதமும் பதிலும் இருந்தால் உங்கள் நஷ்டம் சந்தை நஷ்டம். கேட்கவே இல்லை, துபாயில் வழக்கமான லாபம் நின்றது, இங்கே மட்டும் நஷ்டம் என்றால் அதை விளக்குவது கடினம்.

ஒப்பீட்டுக் கம்பெனிகளுக்கு மூன்று ஆண்டுச் சராசரியும் உங்களுக்கு அந்த ஓர் ஆண்டு எண்ணும் எடுப்பதால், மோசமான ஆண்டு உங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்யும். ஆர்டர் ரத்து, சாயப்பட்டறை நிறுத்தம் என்று அந்த ஆண்டுக்கே உரிய காரணம் இருந்தால், அதனால் எத்தனை மெஷின் எத்தனை நாள் சும்மா நின்றது என்று கணக்காக எழுதுங்கள். அதற்குச் சரிக்கட்டல் கேட்க விதியில் இடம் இருக்கிறது.

"பணம் லேட்டா வந்தா அதுக்கும் கேப்பாங்களா?"

கேட்பார்கள். நிலுவையில் நிற்கும் ஏற்றுமதிப் பணமும் ஒரு பரிவர்த்தனைதான் என்று 2012-இல் சட்டத்திலேயே விளக்கம் சேர்த்துவிட்டார்கள். ஒப்புக்கொண்ட 120 நாளைத் தாண்டி துபாய் பணம் 300 நாளில் வந்தால், 180 நாளுக்கு வட்டி கணக்கிடப் பார்ப்பார்கள்.

எந்த வட்டி என்பதில் ஒரு நல்ல பிடி உண்டு. டாலரில் நிற்கும் தொகைக்கு இந்திய வங்கியின் ரூபாய் வட்டி விகிதத்தை வைக்கக்கூடாது, அந்த நாணயத்தின் வட்டி விகிதத்தைத்தான் வைக்க வேண்டும் என்பது வாதம். வெளிநாட்டுத் துணை நிறுவனத்துக்குக் கொடுத்த கடன் பற்றி 2015-இல் காட்டன் நேச்சுரல்ஸ் வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. அதைவிட வலுவான பதில் உங்கள் பாக்கிப் பட்டியலிலேயே இருக்கலாம். சம்பந்தமில்லாத பையர்களும் அதே அளவு தாமதித்து, அவர்களிடமும் வட்டி வாங்கவில்லை என்று காட்ட முடிந்தால் துபாயிடம் மட்டும் வட்டி கேட்பது நிற்காது. காட்ட முடியாவிட்டால், பையனிடம் பணத்தை நேரத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

"நாங்க சின்ன ஆளுங்க. வருஷத்துக்கு 80 லட்சம்தான் துபாய்க்குப் போகுது. அதுக்கும் 3CEB வேணுமா?"

வேண்டும். 3CEB என்பது வெளிநாட்டுச் சம்பந்தப்பட்ட கம்பெனியோடு நடந்த பரிவர்த்தனைகளை அறிவிக்கும் படிவம். அதற்குக் கீழ்வரம்பு கிடையாது, ஒரே ஒரு பில் இருந்தாலும் ஆடிட்டர் கையெழுத்திட்டு அக்டோபர் 31-க்குள் பதிவேற்ற வேண்டும். ரிட்டர்னுக்கு நவம்பர் 30. வருடத்தின் மொத்தப் பரிவர்த்தனை ஒரு கோடியைத் தாண்டினால்தான் 10டி விதியில் சொன்ன விரிவான ஆவணங்கள் கட்டாயம். 80 லட்சத்துக்கு அந்தப் பெரிய கோப்பு வேண்டாம், ஆனால் விலை சரி என்று காட்டும் பொறுப்பு அப்போதும் உங்களுடையதுதான்.

"ஆடிட்டர் கேக்கும்போது குடுத்தாப் பத்தாதா? முன்னாடியே என்ன பேப்பர் எடுத்து வெக்கறது?"

நான் பார்க்கும் கோப்புகளில் பெரும்பாலான தொல்லை இங்கேதான் பிறக்கிறது. விலை அப்பாவுக்கும் பையனுக்கும் இடையே போனில் முடிந்துவிடுகிறது. அக்டோபரில் ஆடிட்டர் உட்கார்ந்து அந்த விலைக்குக் காரணம் தேடுகிறார். அப்படிப் பின்னாளில் எழுதிய காரணம், படித்தவுடனே தெரியும்: எல்லா ஸ்டைலுக்கும் ஒரே சதவீதம், ஒரே வாசகம், எந்தத் தேதியும் இல்லை.

ஆர்டர் எடுக்கும் நாளிலேயே மூன்று காகிதம் சேர வேண்டும். முதலாவது அந்த ஸ்டைலின் காஸ்டிங் ஷீட்: நூல், நிட்டிங், டையிங், கழிவு, தையல், டிரிம்ஸ், பேக்கிங், எல்லாம் அன்றைய விலையில், தேதியோடு. இரண்டாவது துபாயிலிருந்து எழுத்தில் வந்த ஆர்டர். எண்ணிக்கை, எஃப்ஓபியா சிஐஎஃப்பா, கடன் நாள், செகண்ட்ஸ் யார் கணக்கு, தாமதமானால் விமானச் செலவு யார் கணக்கு. கடைசி இரண்டையும் யாரும் எழுதுவதில்லை, ஆனால் ரிஸ்க் யாருடையது என்பதற்கு அவைதான் சாட்சி. மூன்றாவது, அதே வாரத்தில் வேறு பையருக்கு நீங்கள் சொன்ன விலை. ஆர்டர் கிடைக்காமல் போயிருந்தாலும் அந்த மின்னஞ்சலை வையுங்கள். நடந்த விற்பனை அளவுக்கு அது எடுபடாது, ஆனால் நீங்கள் சந்தையில் என்ன விலை சொன்னீர்கள் என்று காட்டும்.

ஆண்டு முடிந்ததும் இவற்றோடு துபாய் கம்பெனியில் யார் என்ன வேலை செய்கிறார், என்ன சொத்து இருக்கிறது, என்ன ரிஸ்க் ஏற்கிறது என்று இரண்டு பக்கம் எழுதினால் கோப்பு நிற்கும். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து எட்டு ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும்.

"ஒண்ணுமே வெக்காம மாட்டினா எவ்வளவு போகும்?"

முதல் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கூட்டிய வருமானம் 24,65,000. கம்பெனி வரி 25.17 சதவீதத்தில் சுமார் 6,20,000 ரூபாய், அதன் மேல் வட்டி. வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்கு அந்த வரியில் 50 சதவீதம் அபராதம், சுமார் 3,10,000. ஆவணம் வைத்து, பரிவர்த்தனையை அறிவித்து, விவரம் எல்லாம் கொடுத்திருந்தால் இந்த 50 சதவீதம் விலை வித்தியாசத்துக்கு வராது. 270ஏ பிரிவே அப்படி விலக்கு தருகிறது. ஆவணமே வைக்காதவருக்குக் கூடுதலாக 271ஏஏ பிரிவின்படி பரிவர்த்தனை மதிப்பில் 2 சதவீதம். இங்கே மதிப்பு 2,29,50,000, ஆகவே 4,59,000. கேட்டும் கொடுக்காவிட்டால் 271ஜி-யில் இன்னொரு 2 சதவீதம். 3CEB போடாவிட்டால் ஒரு லட்சம்.

அபராதம் லாபத்தைப் பார்க்காமல் மொத்த பில் மதிப்பைப் பார்த்து வருகிறது என்பதைக் கவனியுங்கள். விலை முழுக்கச் சரியாக இருந்தாலும் காகிதம் இல்லாதவருக்கு இது வரும்.

"அப்ப வில்லங்கமே வேண்டாம், விலையைக் கூட்டியே போட்டுடறோம்."

இந்தியாவுக்கு ஆட்சேபம் இல்லை; வருமானம் குறைகிற பக்கம் இந்த விதி பாயாது. ஆனால் ஐக்கிய அரபு அமீரகத்தின் கம்பெனி வரிச் சட்டத்திலும் இதே கோட்பாடு இருக்கிறது. அங்கே லாபத்தை அளவுக்கு மீறிக் குறைத்தால் அங்கே கேள்வி வரும். இரண்டு பக்கமும் ஒரே காகிதத்தைக் காட்ட முடிகிற விலையைப் போடுங்கள்.

"முன்கூட்டியே டிபார்ட்மென்ட்டோட பேசி விலையை முடிவு பண்ணிக்க முடியாதா?"

முடியும், ஏபிஏ என்று முன்கூட்டிய விலை ஒப்பந்தம் 2012 முதல் இருக்கிறது. ஐந்து ஆண்டு வரைக்கும் செல்லும், முந்தைய நான்கு ஆண்டுக்கும் பின்னோக்கிப் பொருத்தலாம். விண்ணப்பக் கட்டணமே குறைந்தது 10 லட்ச ரூபாய், முடிய ஆண்டுகள் ஆகும். இரண்டு மூன்று கோடி வியாபாரத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

சேஃப் ஹார்பர் என்று இன்னொன்று உண்டு: அரசு சொன்ன லாபத்தைக் காட்டினால் கேள்வி கேட்காமல் ஏற்பார்கள். கோவையில் வாகன உதிரிபாகம் செய்து ஏற்றுமதி செய்பவர்களுக்கு அது பொருந்தும். முக்கிய உதிரிபாகத்துக்குச் செலவில் 12 சதவீதம், மற்றவற்றுக்கு 8.5 சதவீதம். பின்னலாடைக்கு அப்படி ஒரு விகிதம் அறிவிக்கப்படவில்லை.

"பையன் கம்பெனிக்கு நேரா விக்காம, நடுவுல சிங்கப்பூர்ல ஒரு தெரிஞ்சவர் மூலமா வித்தா?"

அந்தத் தெரிஞ்சவர் உங்களிடம் வாங்குவதற்கு முன்பே, இன்ன விலைக்குப் பையன் கம்பெனிக்குக் கொடுப்பது என்று அவருக்கும் பையனுக்கும் ஒப்பந்தம் இருந்தாலோ, நிபந்தனைகளை உள்ளுக்குள் பையன் கம்பெனியே தீர்மானித்தாலோ, 92பி(2) பிரிவின்படி அது உங்களுக்கும் சம்பந்தப்பட்டவருக்கும் நடந்த விற்பனையாகவே கருதப்படும். ஒப்பந்தம் கையெழுத்துப் போட்ட காகிதமாக இருக்க வேண்டியதில்லை. சரக்கு சிங்கப்பூர் போகாமல் நேராக ஜெபல் அலி இறங்கியிருப்பதும், நடுவில் உள்ளவர் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு சதவீதம் எடுத்துக்கொண்டிருப்பதும் பில் ஆஃப் லேடிங்கிலும் வங்கிக் கணக்கிலும் தெரிந்துவிடும். 3CEB படிவத்தில் இதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. இப்படிப் போகும் சரக்கு இருந்தால் அதையும் அங்கே எழுதி, மேலே சொன்ன அதே மூன்று காகிதத்தை இதற்கும் வைக்க வேண்டும்.